நான்கரை விழுக்காடு

ஞாயிற்றுக்கிழமை காலையில் தேக்கா சந்தைக்குக் கறி வாங்கப் போகிறவர்கள், வாங்கிக்கொண்டு நேராக வீட்டுக்குப் போய்விட வேண்டும். அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது. பஞ்சவர்ணம் பார்த்தாள். பார்த்ததோடு விடவும் இல்லை.

ஒரு கிலோ ஆட்டுக்கறியும் அரைக் கிலோ எலும்பும் பையில் கனக்க, சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் வந்தவளுக்கு ஒரு டீ குடித்தால் தேவலை என்று இருந்தது. ஒரு டீக்கடைக்குள் காலை வைத்தாள். மூலை மேசையில் துரைசாமி உட்கார்ந்திருந்தார். தொழிற்சாலையில் சங்கக் கிளையின் தலைவர் அவர்தான். தேக்காவில் துரைசாமியைப் பார்ப்பது பெரிய அதிசயமா என்ன? பாதிப் பேர் ஞாயிற்றுக்கிழமை அங்கேதான் கிடக்கிறார்கள். ஆனால் அவருக்கு எதிரே, தோசையை முள்கரண்டியால் குத்திக்கொண்டிருந்தவர் மிஸ் கோ. கம்பெனியின் மனிதவள மேலாளர். சம்பளப் பேச்சுவார்த்தையில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்காருகிறவர்.

இருவருக்கும் நடுவில் தாள்கள் இருந்தன.

பஞ்சவர்ணத்துக்கு மூக்கு வியர்த்துவிட்டது. ஒளிந்து நின்று பார்க்கிற ஜாதி அவள் இல்லை. நேராகப் போய் மேசையருகே நின்றாள்.

"என்னண்ணே, இங்க?"

துரைசாமி நிமிர்ந்தார். நிமிர்ந்த வேகத்திலேயே அவருடைய உள்ளங்கை தாளின்மேல் போய் விழுந்தது. அதைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை. முப்பத்தோரு வருடம் ஒரே தொழிற்சாலையில், ஒரே சங்கத்தில் இருந்தவர்கள். அவளிடம் எதற்குத் தாளை மூடவேண்டும்?

"சும்மா, டீ குடிக்க வந்தோம் லா. கறி வாங்கினியா?"

"வாங்கினேன்."

மிஸ் கோ புன்னகைத்தார். பஞ்சவர்ணமும் பல்லைக் காட்டினாள். அவள் கண் மட்டும் துரைசாமியின் விரலிடுக்கில் இருந்தது. பென்சிலால் எழுதிய எண்கள். 4.5 என்று எழுதி அதன் குறுக்கே ஒரு கோடு. பக்கத்தில் 3.2 என்று எழுதி அதைச் சுற்றி ஒரு வட்டம். அடியில் இன்னொரு தாளும் இருந்தது. அதை அவள் கண்டுகொள்ளவில்லை. நான்கரையைப் பார்த்தவளுக்கு மற்றதெல்லாம் எங்கே கண்ணில் படும்?

டீயே வேண்டாம் என்று வெளியே வந்துவிட்டாள்.

அந்த நான்கரைக்குப் பின்னால் ஐந்து மாதக் கதை இருக்கிறது. ஜூரோங்கில் தண்ணீர்ப் பம்புக்கு மோட்டார் செய்கிற தொழிற்சாலை அது. சங்கம் பேசித் தீர்க்கிற சம்பளம் முந்நூற்றுப் பத்துப் பேருக்கு. மூன்று வருடத்துக்கு ஒருமுறை கூட்டு ஒப்பந்தம் போடுவார்கள். ஒருமுறை கையெழுத்தாகி, நடுவர் நீதிமன்றத்தில் பதிவாகிவிட்டால் மூன்று வருடத்துக்கு அதுதான் சட்டம். நடுவில் அழுதாலும் புரண்டாலும் சம்பள உயர்வில் ஒரு காசு கூடாது, குறையாது. இந்த முறை சங்கம் பதினான்கு கோரிக்கை எழுதிக் கொடுத்திருந்தது. மூன்றாவது, வருடத்துக்கு ஐந்து விழுக்காடு ஊதிய உயர்வு. நான்காவது, சம்பள அடுக்கின் உச்சத்தை முந்நூறு வெள்ளி உயர்த்தவேண்டும்.

அந்த நான்காவது கோரிக்கைதான் பஞ்சவர்ணத்தின் உயிர். ஒவ்வொரு தரத்துக்கும் கீழே ஒரு கோடு, மேலே ஒரு கோடு உண்டு. கீழ்க்கோட்டில் வேலைக்குச் சேர்ந்து வருடா வருடம் ஏறிக்கொண்டே போய் மேல்கோட்டைத் தொட்டதும் நின்றுவிட வேண்டியதுதான். அதற்கு மாக்ஸ் என்று பெயர். மூத்த ஆபரேட்டருக்கு மாக்ஸ் 2,480 வெள்ளி. பஞ்சவர்ணம் அந்தக் கோட்டில் முட்டிக்கொண்டு நிற்பது இது நான்காவது வருடம். அப்படி நிற்பவர்கள் மொத்தம் தொண்ணூறு பேர். மற்றவர்களுக்கு விழுக்காடு ஏறும்போது இவர்களுக்கு அறுநூறு வெள்ளியைக் கையில் கொடுத்து, "நன்றி, போய் வாருங்கள்" என்பார்கள். அதை லம்ப்சம் என்பார்கள். வாங்கினோம், செலவழித்தோம், அவ்வளவுதான். அது அடிப்படைச் சம்பளத்தில் ஒட்டாது. ஓவர்டைம் கணக்கு, பதின்மூன்றாவது மாதச் சம்பளம் எல்லாம் பழைய 2,480-லேயே நிற்கும்.

பேச்சுவார்த்தை மேசைக்குப் போனது மூன்று பேர்தான்: துரைசாமி, கிளைச் செயலாளர் சேக் தாவூது, தலைமைச் சங்கத்திலிருந்து வருகிற அதிகாரி நிரஞ்சனா. பஞ்சவர்ணம் கிளையின் செயற்குழுவில், மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிற வைண்டிங் பிரிவுக்கான ஆள். மூன்றாம் சுற்று முடிந்ததும் துரைசாமி செயற்குழுவைக் கூட்டி, "கம்பெனி இரண்டரையில ஆரம்பிச்சது, நாலரைக்கு வந்திருக்கு. மத்ததெல்லாம் பேசிக்கிட்டிருக்கோம். வெளிய மூச்சு விடாதீங்க" என்று சொல்லியிருந்தார். அதற்குப் பிறகு ஒரு மாதமாகப் பேச்சே இல்லை. இப்போது தேக்காவில் நான்கரையின்மேல் கோடு.

திங்கட்கிழமை காலை டீ நேரத்தில் அவரைப் பிடித்தாள்.

"அண்ணே, நேத்து அந்தப் பேப்பர்ல என்ன?"

"ஒண்ணுமில்ல பஞ்சு. கணக்குப் போட்டுப் பாத்தோம்."

"நாலரை இருக்குல்ல?"

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். "இன்னும் ரெண்டு வாரம் பொறு லா. எல்லாம் ஒண்ணாச் சொல்றேன்."

கேட்டது ஒன்று, பதில் ஒன்று. இருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பிடி கொடுக்காத மனிதரைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரும். பஞ்சவர்ணத்துக்கோ வருகிற சந்தேகத்தைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சோறு போடுகிற சுபாவம்.

துரைசாமிக்கு அறுபத்திரண்டு வயது. கூடிய சீக்கிரம் ஓய்வு வயது வந்துவிடும். பிறகும் வேலையில் நீடிக்க மறுவேலை ஒப்பந்தம் வேண்டும். அது மிஸ் கோவின் மேசையிலிருந்துதான் வரவேண்டும். சென்ற மாதம் மட்டும் இரண்டு முறை மிஸ் கோவின் அறைக்குத் தனியாகப் போனார். ஒருமுறை முக்கால் மணி நேரம். பஞ்சவர்ணம் வைண்டிங் மெஷின் பக்கத்திலிருந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அறையையும் தாளையும் உள்ளங்கையையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தால் என்ன வருகிறது? அதுதான் வந்தது.

பக்கத்து மெஷினில் பாக்கியலட்சுமி. வயது அறுபத்தொன்று. அவளும் மாக்ஸில் நிற்பவள். பக்கவாதத்தில் விழுந்த கணவனை வீட்டில் வைத்துக்கொண்டு, கிடைக்கிற ஓவர்டைமையெல்லாம் விடாமல் பார்க்கிறவள். இந்த ஒப்பந்தம் முடியும்போது அவளுக்கும் மறுவேலை ஒப்பந்தம் வந்துவிடும். அப்போது கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தைப் பார்த்துத்தான் பேசுவார்கள். அதனால் இந்த மூன்று வருடம் ஏறாவிட்டால் அவளுக்கு இனி ஏறப்போவதே இல்லை.

"அக்கா, நாலரை போயிடுச்சு. மூணே கால்கூட இல்ல, மூணு புள்ளி ரெண்டு" என்றாள் பஞ்சவர்ணம், செம்புக் கம்பியைக் கோர்த்துக்கொண்டே.

"யார் சொன்னா?"

"என் ரெண்டு கண்ணாலயும் பாத்தேன். தேக்காவுல உக்காந்து, தோசை வாங்கிக் குடுத்து, நம்ம தலையைத் தடவிட்டாரு."

"துரையா? சேச்சே."

"நானும் சேச்சேன்னுதான் சொன்னேன். அப்புறம் எதுக்குக் கையால மூடுறாரு? அவருக்கு என்ன குடுத்தாங்களோ!"

பாக்கியலட்சுமி மெஷினை நிறுத்தினாள். சாதாரணமாக நிறுத்தமாட்டாள், உற்பத்தி எண்ணிக்கை குறையும் என்று பயப்படுகிறவள். அன்று நிறுத்தினாள்.

"நம்ம மாக்ஸ் என்னாச்சு?"

"அது தனி அக்கா. அது நாலாவது கோரிக்கை. இது மூணாவது. மூணாவதையே இப்படிச் சாப்புட்டுட்டாருன்னா நாலாவதை விடுவாரா? இப்பவே நிறுத்தணும்."

இந்த இடத்தில்தான் பஞ்சவர்ணம் தவறினாள். பதினான்கு கோரிக்கையை வரிசையாக எண் போட்டு எழுதியிருந்தார்கள் அல்லவா? மூன்றாவது கடையில் ஒரு சாமான், நான்காவது கடையில் ஒரு சாமான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். தாளில் அப்படித்தான் இருக்கும். மேசையில் அப்படி இருக்காது. மேசையில் எல்லாமே ஒரே பானைச் சோறு.

அன்று மாலை புக்கிட் மேரா வீட்டில் மகளிடம் சொன்னாள். திவ்யதர்ஷினிக்கு இருபத்தாறு வயது. அதே தொழிற்சாலையில் டெஸ்டிங் பிரிவில் டெக்னீஷியன். அவளுடைய மாக்ஸ் எங்கேயோ தூரத்தில் இருக்கிறது. வருடா வருடம் விழுக்காடு முழுதாக ஏறுகிற வயது.

"என்னம்மா இது, அநியாயமா இருக்கு? பெட்டிஷன் போடலாம்" என்றாள் திவ்யதர்ஷினி. பத்து நிமிடத்தில் அதை ஆங்கிலத்தில் அடித்தும் கொடுத்துவிட்டாள். இரண்டே வரி. வருடாந்தர உயர்வு நான்கரை விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது. குறைந்தால் உறுப்பினர்கள் ஏற்கமாட்டார்கள்.

"மாக்ஸ் பத்தி எழுத வேணாமா?"

"ஒரு பெட்டிஷன்ல ஒரே விஷயம்தாம்மா இருக்கணும். அப்பத்தான் சைன் பண்ணுவாங்க."

சரியாகத்தான் பட்டது. பஞ்சவர்ணம் தலையாட்டினாள்.

மூன்று நாளில் நூற்று எண்பத்தேழு கையெழுத்து. சீனர், மலாய்க்காரர், ஜோகூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவர், தமிழர், எல்லாரும் போட்டார்கள். நான்கரையை யார் வேண்டாம் என்பார்கள்? முதல் கையெழுத்து பாக்கியலட்சுமியுடையது. மரியாதைக்காக அவளிடம்தான் முதலில் நீட்டினாள். மாக்ஸில் நிற்கிறவர்களில் அறுபது பேருக்குமேல் போட்டுவிட்டார்கள்.

பிறகு இன்னொரு காரியம் செய்தாள். மனு துரைசாமி கையில் மட்டும் போனால் அமுக்கிவிடுவார் என்று அவளுக்குத் தோன்றிற்று. அதனால் ஒரு நகல் தலைமைச் சங்கத்துக்கு, ஒரு நகல் மிஸ் கோவுக்கு. திவ்யதர்ஷினி இருவருக்கும் ஒரே நேரத்தில் மின்னஞ்சலில் தட்டிவிட்டாள். பஞ்சவர்ணம் அன்றிரவு நன்றாகத் தூங்கினாள். எத்தனை நாளைக்கப்புறம்!

அடுத்த வியாழக்கிழமை கேன்டீனுக்குப் பக்கத்து அறையில் செயற்குழுக் கூட்டம். நிரஞ்சனா வந்திருந்தாள். முப்பது வயதுக்காரி, ஏழு தொழிற்சாலைகளைக் கையில் வைத்துக்கொண்டு ஓடிக்கொண்டிருப்பவள். அவள் வழக்கமாகச் சிரித்துக்கொண்டே நுழைவாள். இன்று ஃபைலை மேசையில் வைத்துவிட்டுத் தண்ணீரை எடுத்துக் குடித்தாள்.

துரைசாமிதான் பேசினார். "கம்பெனி கடைசி ஆஃபர் குடுத்திருக்கு. மூணு வருசமும் நாலரை, நாலரை, நாலரை."

பஞ்சவர்ணத்துக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வாயைத் திறந்து, "பாத்தீங்களா!" என்று சொல்ல இருந்தாள். துரைசாமி விடவில்லை.

"மாக்ஸ் ஏறாது. பழைய 2,480 அப்படியே. மாக்ஸ்ல இருக்கிறவங்களுக்கு லம்ப்சம் வருசத்துக்கு எழுநூறு."

"அது எப்படி?" பஞ்சவர்ணத்தின் குரல் அறையில் முட்டித் திரும்பியது. "நாலாவது கோரிக்கை என்னாச்சு?"

துரைசாமி சட்டைப்பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்து அவள் முன் வைத்தார். மடிப்பு விழுந்து, டீக்கறை பட்ட தாள்கள். மேல்தாளை அவளுக்குத் தெரியும். 4.5-இன்மேல் கோடு, 3.2-ஐச் சுற்றி வட்டம். அவர் அதை எடுத்துவிட்டு அடியிலிருந்த தாளைக் காட்டினார்.

மூத்த ஆபரேட்டர், மாக்ஸ் 2,480. அதன்மேல் ஒரு கோடு. பக்கத்தில் 2,780.

"முந்நூத்திப் பத்துப் பேருக்கும் மூணு புள்ளி ரெண்டுன்னா கம்பெனிக்கு ஆகுற செலவு, இருநூத்தி இருபது பேருக்கு மட்டும் நாலரை குடுத்தா ஆகுற செலவுதான், கிட்டத்தட்ட" என்றார் துரைசாமி. "ஒரே காசு. யார் தட்டுல விழுதுங்கிறதுதான் வித்தியாசம். உன் சம்பளம் மூணாவது வருசம் 2,725 ஆயிருக்கும் பஞ்சு. அடிப்படையில. ஓவர்டைம், போனஸ், எல்லாமே அதுமேல ஏறியிருக்கும். மிஸ் கோ ரெண்டு தடவை முடியாதுன்னுட்டாங்க. ஞாயித்துக்கிழமை தேக்காவுல வச்சுத்தான் சரின்னாங்க. மேலிடத்துல ஒப்புதல் வரணும், அதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னாங்க. வந்துடுச்சு. போன வாரம் புதன்கிழமை ஒப்புதல் வந்துச்சு."

"அப்புறம்?"

"மறுநாள் வியாழக்கிழமை உங்க பெட்டிஷன் வந்துச்சு."

அறையில் பதினொரு பேர். பஞ்சவர்ணத்தைப் பார்க்காதவர் யாருமில்லை.

நிரஞ்சனா மெதுவாகச் சொன்னாள்: "நூத்தி எண்பத்தேழு பேர் நாலரைக்குக் குறைஞ்சா வேண்டாம்னு எழுதிக் குடுத்திருக்காங்க அக்கா. மிஸ் கோ அதை என் முன்னாடி வச்சு, 'உங்க உறுப்பினர்கள் கேக்கிறதைக் குடுக்கிறோம்'னு சொன்னாங்க. கம்பெனிக்கு வருத்தமே இல்ல. லம்ப்சம் அடிப்படைல ஏறாதே. அவங்களுக்கு லாபம்தான்."

"அப்போ அரசாங்க அமைச்சுக்குப் போவோம். சமரசத்துக்குப் போனா என்ன?"

"போகலாம். சமரச அதிகாரி முதல்ல கேக்கிறது, 'தகராறு என்ன?'ன்னுதான். நம்ம ஆளுங்க எழுதிக் கேட்டதைக் கம்பெனி குடுத்திருக்கு. என்ன தகராறுன்னு நான் சொல்றது?"

சேக் தாவூதுதான் உறுப்பினர் கூட்டத்தை மறுநாள் வைத்துக்கொள்ளலாம் என்றார். சட்டம் கேட்காவிட்டாலும், கையெழுத்துக்கு முன் உறுப்பினர்களிடம் கைதூக்கச் சொல்வது இந்தக் கிளையின் வழக்கம். வேறு வழியில்லை, செயற்குழு இதைப் பரிந்துரைக்கவேண்டியதுதான் என்று முடிவாயிற்று.

எல்லாரும் போனபிறகு பஞ்சவர்ணம் உட்கார்ந்தே இருந்தாள். துரைசாமியும் எழவில்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே பஞ்சு."

"கேட்டேனேண்ணே! திங்கக்கிழமை வந்து கேட்டேனே! கையை வச்சு மூடினது யாரு?"

துரைசாமி அந்த இரண்டு தாள்களையும் மறுபடி மடித்தார்.

"நான் சொல்லல. அது என் தப்புதான்" என்றார் கடைசியில். "சொன்னா எளசுங்க காதுக்குப் போயிடும்னு பயந்தேன். உன் வீட்டுலயே ஒரு பொண்ணு இருக்கு. அது பங்குலேருந்து எடுத்து உன் தட்டுல வைக்கிறேன்னு எப்படிச் சொல்றது? நானும் மாக்ஸ்ல நிக்கிறவன். தனக்கே போட்டுக்கிட்டான் துரைன்னு சொல்லமாட்டாங்களா? மொத்தமா முடிச்சு, ஒரே பொட்டலமா வச்சா வாயடைச்சுப் போகும்னு பாத்தேன்."

"என்னை நம்பல நீங்க."

"நீ என்னை நம்பினியா?"

இரண்டு பேருமே முப்பத்தோரு வருடத்தை வைத்துக்கொண்டு ஒரு வாரம்கூட நம்பிக்கையாக இருக்கவில்லை. வெட்கக்கேடு.

வெள்ளிக்கிழமை மூன்றரைக்கு, ஷிப்ட் மாறுகிற நேரம். கேன்டீன் நிறைந்துவிட்டது. நிரஞ்சனா ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு ஆங்கிலத்தில் படித்தாள். மூன்றாவது அம்சம், வருடாந்தர உயர்வு, மூன்று வருடத்துக்கும் நான்கரை விழுக்காடு என்றதும் மேசைகள் அதிர்ந்தன. டெஸ்டிங் பிரிவுப் பிள்ளைகள் விசிலடித்தார்கள்.

"பஞ்சு ஆண்ட்டிக்கு ஒரு கைதட்டு!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். கேன்டீன் முழுதும் தட்டியது. வைண்டிங் பிரிவின் மூத்த பெண்களும் தட்டினார்கள். பாக்கியலட்சுமி எழுந்து நின்று தட்டினாள்; அவளுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியிருந்தது. பஞ்சவர்ணத்துக்குத் தரைக்குள் போய்விடலாம்போல் இருந்தது. துரைசாமியைப் பார்த்தாள். அவர் கூரை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நிரஞ்சனா அடுத்ததைப் படித்தாள். நான்காவது அம்சம், சம்பள அடுக்கு. மாற்றமில்லை. உச்சத்தில் இருப்பவர்களுக்கு ஆண்டுக்கு எழுநூறு வெள்ளி.

இந்தத் தடவை மேசைகள் அதிரவில்லை. மூத்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பாக்கியலட்சுமி மேசைகளுக்கிடையே புகுந்து பஞ்சவர்ணத்தின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"பஞ்சு, மாக்ஸ் இல்லன்னா சொல்லுது அந்தப் பொண்ணு? எனக்கு இங்கிலீஸ் சரியா வெளங்கல. நம்ம மாக்ஸ் ஏறிடுச்சுல்ல?"

அவளிடம் பிறகு தனியாகச் சொல்லிக்கொள்ளலாம். கம்பெனி ஏமாற்றிவிட்டது என்றுகூடச் சொல்லலாம், யாரும் சந்தேகப்படமாட்டார்கள். துரைசாமியும் காட்டிக்கொடுக்கமாட்டார், அது அவளுக்குத் தெரியும். பஞ்சவர்ணம் எழுந்து போய் நிரஞ்சனாவின் கையிலிருந்த ஒலிவாங்கியை வாங்கினாள்.

"மாக்ஸ் ஏறியிருக்கும்" என்றாள் தமிழில். பிறகு தனக்குத் தெரிந்த மலாயில் ஒருமுறை, உடைந்த ஆங்கிலத்தில் ஒருமுறை. "சேர்மன் துரைசாமி நமக்காக முந்நூறு வெள்ளி ஏத்தி வாங்கியிருந்தாரு. அதுக்காகத்தான் நாலரையைக் கொறைச்சாரு. எனக்கு அது தெரியல. அவரைச் சந்தேகப்பட்டு நான்தான் பெட்டிஷன் போட்டேன். கம்பெனி அதைக் காட்டி மாக்ஸைத் திரும்ப எடுத்துக்கிட்டாங்க. தப்பு என்னுது. சேர்மன் மேல தப்பு இல்ல."

திவ்யதர்ஷினி முன்வரிசையில் உட்கார்ந்து வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தாள்.

நிரஞ்சனா கைதூக்கச் சொன்னாள். இளையவர்கள் தூக்கினார்கள், சிலர் தயங்கி, பலர் தயங்காமல். திவ்யதர்ஷினியின் கை பாதி ஏறி, கீழே வந்து, மறுபடி ஏறியது. பஞ்சவர்ணமும் தூக்கவேண்டியிருந்தது, செயற்குழு பரிந்துரைத்த ஒப்பந்தத்துக்குச் செயற்குழு ஆளே கை தூக்காவிட்டால் எப்படி? நூற்றுத் தொண்ணூற்றெட்டுப் பேர் ஆதரவு. முடிந்தது. அடுத்த வாரம் கையெழுத்து, அப்புறம் நடுவர் நீதிமன்றம், அப்புறம் மூன்று வருடம்.

கூட்டம் கலைந்தது. பாக்கியலட்சுமி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள். திட்டட்டும் என்று பஞ்சவர்ணம் அவளிடம் போனாள். இரண்டு அறை விட்டாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் போனாள்.

"அக்கா, என்னை மன்னிச்சிருங்கக்கா. சத்தியமா எனக்குத் தெரியாதுக்கா."

பாக்கியலட்சுமி திட்டவில்லை. அவளுடைய பார்வை பஞ்சவர்ணத்தைத் தாண்டிப் போயிற்று. அங்கே திவ்யதர்ஷினியின் தோளில் தட்டி டெஸ்டிங் பிரிவுப் பிள்ளைகள் வாழ்த்திக்கொண்டிருந்தார்கள். வருடத்துக்கு நான்கரை, முழுதாக, மூன்று வருடம். பிறகு அந்தப் பார்வை மெல்லத் திரும்பி வந்து பஞ்சவர்ணத்தின் முகத்தில் நின்றது.

"எங்கிட்டத்தான் மொதல்ல கையெழுத்து வாங்கின, இல்ல?" என்றாள்.

"அக்கா..."

"கமிட்டில இருக்கிறவ நீ. உனக்குத் தெரியாதா?" குரலில் கோபமே இல்லை. "உண்மையைச் சொல்லு பஞ்சு. உனக்கு என்ன குடுத்தாங்க?"